தாது முதல் தாது வரை 6 சென்டிமீட்டர்
திருவண்ணாமலை வரலாற்றை ஒரே கோட்டில் அளந்து வைப்போம்

திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைக் கட்டாயம் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். 11 நிலைகள், 217 அடி உயரம். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516ஆம் ஆண்டையொட்டி, இதன் திருப்பணி தொடங்கியது. தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்பர் அதை நிறைவு செய்தார்.

இதே தலத்தை அப்பரும் சம்பந்தரும் பாடியிருக்கிறார்கள். அவர்கள் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு.

மாணவ நண்பர்களே! இப்போது ஒரு கேள்வி. தேவாரம் பாடப்பட்ட காலத்துக்கும் கோபுரம் எழுந்த காலத்துக்கும் உள்ள இடைவெளி பெரிதா? கோபுரம் எழுந்த காலத்துக்கும் நமக்கும் உள்ள இடைவெளி பெரிதா?

பலர் யோசிக்காமல் இரண்டாவதையே சொல்வார்கள். அப்பர், சம்பந்தர், கிருஷ்ணதேவராயர் மூவரும் நம் மனத்தில் ‘அந்தக் காலம்’ என்ற ஒரே மூட்டைக்குள் கிடக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தேவாரத்திலிருந்து 1516 வரை 800 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1516லிருந்து இன்று வரை 500 ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருக்கிறது. கோபுரத்துக்குக் கல் சுமந்தவர்களுக்குச் சம்பந்தர், நமக்குக் கிருஷ்ணதேவராயர் இருப்பதைவிட அதிக தூரத்தில் இருந்தவர்!

ஆண்டுகளை மனப்பாடம் செய்தவருக்கும் இந்தத் தூரம் தெரிவதில்லை. தெரிய வேண்டுமானால் காலத்தை நீளமாக மாற்றிக் கண் முன்னே வைக்க வேண்டும். அதற்கு உதவுவதுதான் காலக்கோடு. ஆனால் வகுப்பறைத் திரையில் நாம் காணும் காலக்கோடுகளில் பல இந்த வேலையைச் செய்வதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

சம இடைவெளி செய்யும் பிழை

சமூக அறிவியல் பாடத்துக்கு ஒரு படவில்லை தயாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திருவண்ணாமலை வரலாற்றில் எட்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்கிறோம்.

1328: ஒய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தன் தலைநகராகக் கொண்டது.
1516: கிழக்குக் கோபுரத் திருப்பணியின் தொடக்கம்.
1767: முதலாம் மைசூர்ப் போரில், செப்டம்பர் 26 அன்று, கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை ஐதர் அலி, நிசாம் ஆகியோரின் படைகளுடன் இவ்வூர் அருகே மோதியது.
1876: சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின் தொடக்கம்.
1896: ரமணர் தம் 16ஆம் வயதில் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது.
1947: நாட்டு விடுதலை.
1950: ரமணர் மறைவு.
1989: வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது.

கணிப்பொறியில் ஆயத்தமாகக் கிடைக்கும் காலக்கோட்டு மாதிரி ஒன்றை எடுத்து இவற்றை நிரப்பினால் என்ன ஆகும்? 24 சென்டிமீட்டர் நீளக் கோட்டில் எட்டுப் பெட்டிகள் சம இடைவெளியில் வரிசையாக நிற்கும். எட்டுப் புள்ளிகளுக்கு இடையே ஏழு இடைவெளிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3.43 சென்டிமீட்டர். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் 1516க்கும் 1767க்கும் இடையே 251 ஆண்டுகள். 1947க்கும் 1950க்கும் இடையே 3 ஆண்டுகள். இரண்டுக்கும் அதே 3.43 சென்டிமீட்டர்! கோட்டின் ஓரிடத்தில் ஒரு சென்டிமீட்டர் 73 ஆண்டுகளைக் குறிக்கிறது; வேறோரிடத்தில் ஓர் ஆண்டுகூட இல்லை. மைல்கற்கள் இப்படி நடப்பட்ட சாலையில் பயணம் செய்தால் என்ன ஆகும்? ஊர்களின் வரிசை தெரியும். எது அருகே, எது தொலைவில் என்பது தெரியாது. அது வரிசைப் பட்டியல், காலக்கோடு அன்று.

ஒரு வேதியியல் அறிஞரின் யோசனை

காலத்தை உண்மை அளவில் நீளமாகக் காட்டும் முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஒருவரை நீங்கள் அறிவியல் பாடத்தில் சந்தித்திருக்கிறீர்கள். 1774இல் ஆக்சிசன் வாயுவைப் பிரித்தெடுத்த ஜோசப் பிரீஸ்ட்லிதான் அவர்! அதற்கு முன் இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ஊரில் அவர் ஆசிரியராக இருந்தார். 1765இல் ஒரு பெரிய வரைபடத்தை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 2000 பேரின் வாழ்நாள்கள் சிறு சிறு கிடைக்கோடுகளாக இருந்தன. நீண்ட நாள் வாழ்ந்தவருக்கு நீண்ட கோடு. இளமையில் இறந்தவருக்குக் குறுங்கோடு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். பிறந்த ஆண்டோ இறந்த ஆண்டோ உறுதியாகத் தெரியாதபோது, கோட்டின் அந்த முனையில் புள்ளிகள் வைத்தார். இந்தப் புள்ளிகள் நமக்கும் பின்னால் உதவப் போகின்றன.

அளவுகோலைத் தேர்ந்தெடுப்போம்

இனி நம் படவில்லையை முறையாகச் செய்வோம். லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ் மென்பொருளில் ஓர் அகன்ற படவில்லையின் அகலம் 28 சென்டிமீட்டர். இருபுறமும் 2 சென்டிமீட்டர் விட்டால் கோட்டுக்கு 24 சென்டிமீட்டர் கிடைக்கும். தேவாரக் காலமும் கோட்டுக்குள் வர வேண்டும் என்பதால் 600இல் தொடங்குவோம்; 2040இல் முடிப்போம். மொத்தம் 1440 ஆண்டுகள். அதை 24ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு 60 ஆண்டுகள்.

60 என்றதும் உங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் நினைவுக்கு வருகிறதா? பிரபவ முதல் அட்சய வரை தமிழ் ஆண்டுகளின் ஒரு சுற்று 60 ஆண்டுகள். ஆகவே நம் கோட்டில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு முழுச் சுற்று. தாத்தாவின் அறுபதாம் கலியாணம் வரையிலான வாழ்வு முழுவதும் ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு நிகழ்ச்சியின் இடத்தைக் காண, அதன் ஆண்டிலிருந்து 600ஐக் கழித்து, 60ஆல் வகுத்து, இடப்புற வெளிக்காக 2ஐக் கூட்ட வேண்டும். கணக்குத் தாளில் A2 கட்டத்தில் ஆண்டை எழுதினால் சூத்திரம் இதுதான்:

```
=2+(A2-600)/60
```

1516ஐப் போட்டுப் பார்ப்போம். 1516 − 600 = 916. 916 ÷ 60 = 15.27. இரண்டைக் கூட்டினால் 17.27. படவில்லையின் இடது ஓரத்திலிருந்து 17.27 சென்டிமீட்டரில் கோபுரத்தின் தொடக்கம் நிற்கும். இப்படியே 1328க்கு 14.13, 1767க்கு 21.45, 1876க்கு 23.27, 1896க்கு 23.60, 1947க்கு 24.45; 1950க்கு 24.50, 1989க்கு 25.15.

இந்த எண்களில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 1516க்கும் 1876க்கும் இடையே சரியாக 6 சென்டிமீட்டர். அதாவது முழுதாக ஆறு சுற்றுகள். 1876இல் தொடங்கியது தாது ஆண்டு. பஞ்சத்துக்குப் பெயர் தந்தது அதுவே. அப்படியானால் 1516இல் தொடங்கியதும் தாது ஆண்டுதான்! ‘தாது ஆண்டில் நடந்தது’ என்று மட்டும் ஒரு குறிப்புச் சொன்னால், இன்றைய கணக்கைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்கையில், நம் கோட்டில் ஒவ்வொரு சென்டிமீட்டர் தள்ளி 24 இடங்கள் அதற்குப் பொருந்தும். எது சரி என்று முடிவு செய்ய அரசன் பெயரோ சக ஆண்டோ வேண்டும். சக ஆண்டுடன் 78 கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு கிடைக்கும். சக ஆண்டு 1438 என்பது 1516 - 17. பழைய குறிப்புகளைப் படிக்கும் அறிஞர்கள் சுற்றாண்டின் பெயரையும் சக ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

புள்ளி வேண்டாம், கோடு போடுங்கள்

இடங்களைக் கண்டாயிற்று. வைப்பதில்தான் பிழைகள் நுழைகின்றன.

முதலாவது, குறியின் பருமன். பலர் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டப் புள்ளியை வைப்பார்கள். நம் அளவுகோலில் 1 மில்லிமீட்டர் என்பது 6 ஆண்டுகள். ஆகவே அந்தப் புள்ளி 18 ஆண்டுகளை விழுங்கிவிடும்! 1947ம் 1950ம் ஒரே புள்ளிக்குள் மறைந்துபோகும். மாறாக, அரை மில்லிமீட்டர் பருமனுள்ள செங்குத்துக் கோடு 3 ஆண்டுகளை மட்டுமே மறைக்கும்.

இரண்டாவது, குறியின் எந்தப் பகுதியை அளக்கிறோம் என்பது. இம்ப்ரெஸ்ஸில் ஓர் உருவத்தைத் தேர்ந்து F4 விசையை அழுத்தினால் Position X என்ற கட்டம் வரும், அதில் 17.27 என்று எழுதலாம். ஆனால் அந்த எண் உருவத்தின் மேல் இடது மூலைக்கு உரியது. 3 மில்லிமீட்டர் வட்டமானால் அதன் நடுப்பகுதி 1.5 மில்லிமீட்டர் வலப்புறம் தள்ளி விழும். எல்லா நிகழ்ச்சிகளும் 9 ஆண்டுகள் பிந்தி நிற்கும்! அருகிலுள்ள Base point கட்டத்தில் நடுப்புள்ளியைத் தேர்ந்தால் இந்தப் பிழை நீங்கும். செங்குத்துக் கோட்டுக்கு அகலமே இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை.

மூன்றாவது, ‘ஒழுங்குபடுத்தும்’ ஆசை. உருவங்களைச் சம இடைவெளியில் பரப்பிவிடும் கட்டளை ஒன்று உண்டு. வேலை முடிந்த பிறகு யாராவது அதைச் சொடுக்கினால், பாடுபட்டு வைத்த ஆண்டுகள் எல்லாம் ஒரு நொடியில் பழைய சம இடைவெளிக்குத் திரும்பிவிடும்.

படவில்லை சரியா தவறா என்று கண்டுபிடிப்பது எளிது. ஏதேனும் இரு குறிகளை எடுத்து, ஆண்டு வித்தியாசத்தைச் சென்டிமீட்டர் வித்தியாசத்தால் வகுங்கள். 1328, 1516 இரண்டுக்கும் 188 ÷ 3.14; விடை ஏறக்குறைய 60. எந்த இணையை எடுத்தாலும் 60ஐ ஒட்டியே வர வேண்டும். ஒளிப்படக் கருவி சுவரில் படத்தைப் பல மடங்கு பெரிதாக்கினாலும் இந்தச் சோதனை பொருந்தும். எல்லா இடைவெளிகளும் ஒரே மடங்கில் பெருகுவதால் 60க்குப் பதில் வேறோர் எண் வரும். ஆனால் எங்கும் அதே எண்தான் வரும்.

எல்லாமே புள்ளிகள் அல்ல

சில செய்திகள் ஓர் ஆண்டில் நடந்து முடிபவை அல்ல. தேவாரக் காலத்தை ஒரு கோடாக 650இல் போட்டால் நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டியவர்கள் ஆவோம். அதை 600 முதல் 700 வரை, 2.00இலிருந்து 3.67 வரை, மங்கிய பட்டையாகப் போட வேண்டும். ‘இந்த நூற்றாண்டுக்குள்’ என்று அது பொருள்படும்.

சோழர் ஆட்சி 850 முதல் 1279 வரை. இதற்கு அடர்ந்த பட்டை; 6.17இலிருந்து 13.32 வரை, 7 சென்டிமீட்டருக்கும் மேல். அதன் கடைசிப் பகுதியில், 1243 முதல் 1279 வரை, காடவராயன் கோப்பெருஞ்சிங்கன் இந்தப் பகுதிகளில் ஓங்கி நின்றான். அவனுக்குச் சோழர் பட்டையின் கீழே 6 மில்லிமீட்டர் அகலத்தில் இன்னொரு பட்டை. ஓர் அரசு முடிந்த மறுநாள்தான் அடுத்த அரசு தொடங்கும் என்ற எண்ணம், ஒன்றன்கீழ் ஒன்றான இந்தப் பட்டைகளைப் பார்த்ததும் போய்விடும்.

கோபுரத்துக்கும் பட்டைதான் பொருத்தம். தொடக்கம் 1516இல் அழுத்தமான கோடு. நிறைவு 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. எனவே 1600 வரை, அதாவது 18.67 வரை, பிரீஸ்ட்லி செய்ததுபோல் புள்ளிகளாக மங்கவிடலாம்.

நெரிசலுக்கு என்ன வழி?

இப்போது கோட்டைப் பாருங்கள். 1876 முதல் 1989 வரை ஐந்து நிகழ்ச்சிகள் 2 சென்டிமீட்டருக்குள் முண்டியடித்து நிற்கின்றன. கடைசி வரிசை மாணவர் படிக்கும்படி எழுத இடமே இல்லை. இந்த நெரிசலைக் கண்டுதான் பலர் குறிகளை ‘கொஞ்சம் நகர்த்தி’ விடுகிறார்கள். அங்கேதான் கோடு பொய் சொல்லத் தொடங்குகிறது. நகர்த்த வேண்டியது குறியை அன்று, பெயரை. குறி தன் இடத்தில் இருக்கட்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய சாய்கோட்டை இழுத்து, காலி இடத்தில் பெயரை எழுதலாம்.

அதுவும் போதவில்லை என்றால், கீழே இரண்டாவது கோடு ஒன்று போடுங்கள். அதே 24 சென்டிமீட்டர்; ஆனால் 1800 முதல் 2040 வரை மட்டும். ஒரு சென்டிமீட்டருக்கு 10 ஆண்டுகள். மேல் கோட்டைப்போல் 6 மடங்கு பெருக்கம். மேல் கோட்டில் இந்தப் பகுதி 22 முதல் 26 வரை 4 சென்டிமீட்டரே. அதை நிழலிட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் கீழ்க் கோட்டின் இரு முனைகளுக்குச் சாய்கோடுகள் இழுங்கள். பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கும். கீழ்க் கோட்டில் 1876 இப்போது 9.6இல், 1896 11.6இல்; 1947 16.7இல், 1950 17.0இல், 1989 20.9இல். தாராளமாக எழுதலாம். இரு கோடுகளின் அருகிலும் அவற்றின் அளவுகோலை மறக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் கீழ்க் கோட்டைப் பார்ப்பவர் பஞ்சத்துக்கும் ரமணர் வருகைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு இருந்ததாக நினைத்துவிடுவார். உண்மையில் 20 ஆண்டுகளே.

காலி இடம் கேட்கும் கேள்வி

முடித்த படவில்லையில் கண்ணைக் கவர்வது குறிகள் மட்டும் அல்ல. 1516க்கும் 1767க்கும் இடையே உள்ள 4 சென்டிமீட்டருக்கும் மேலான நீளத்தில், கோபுரம் மங்கி முடிந்த பிறகு ஒன்றுமே இல்லை! அந்தக் காலத்தில் திருவண்ணாமலையில் எதுவும் நடக்கவில்லையா? நடந்திருக்கும், நாம் பட்டியலில் எடுக்கவில்லை. சம இடைவெளிப் படவில்லையில் இந்தக் காலி இடம் தெரிந்திருக்காது. இந்தக் கேள்வியும் எழுந்திருக்காது. வகுப்பில் ‘இங்கே என்ன நடந்தது?’ என்று ஒருவர் கேட்டால் போதும்; செஞ்சி நாயக்கர்களையும் அவர்களுக்குப் பின் வந்த ஆட்சிகளையும் தேடிப் போகலாம்.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. கோயிலுக்குப் பின்னே நிற்கும் மலையையும் கோட்டில் காட்டலாமா? வட தமிழகத்தின் பழம்பாறைகளின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். சென்டிமீட்டருக்கு 60 ஆண்டுகள் என்றால் கோடு ஏறத்தாழ 417 கிலோமீட்டர் நீள வேண்டும். வான்வழியாகத் திருவண்ணாமலையிலிருந்து கன்னியாகுமரி 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோட்டைத் தெற்கே இழுத்துக்கொண்டே போனால் திருநெல்வேலிச் சீமைக்குள் வந்துவிடுவோம்! அதில் அப்பர் காலம் தொட்டு நம் காலம் வரை உள்ள வரலாறு முழுதும், கோயில் வாசலில் ஒரு சாண் அளவுக்குள் கிடக்கும்.

கணிப்பொறி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைக் கிடைமட்டமாக வைத்தால் 24 சென்டிமீட்டர்க் கோடு தாராளமாக அடங்கும். அடிக்கோலும் கூரிய பென்சிலும் போதும். முதலில் மேலே சொன்ன எட்டு ஆண்டுகளையும் குறியுங்கள். பிறகு உங்கள் பாட்டி பிறந்த ஆண்டையும் நீங்கள் பிறந்த ஆண்டையும் குறித்து, இரண்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்கள்.